திருஷ்டிக்குப் பயந்து தள்ளிப்போட்ட நோட்டீஸ்

கேள்வி: மடிப்பாக்கத்தில் 6 வருடமாக மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழ் வீட்டில் ஓனர் ஆன்ட்டி தனியாக இருக்கிறார். அவருக்கு இந்த வாடகைதான் வருமானம். வாடகை 16,000, அட்வான்ஸ் 1 லட்சம். காலி செய்வதானால் 3 மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று அக்ரிமென்ட். இப்போது சொந்தமாக பிளாட் வாங்கிவிட்டோம். ஜூன் 5-ல் பத்திரப்பதிவு முடிந்தது. ஆகஸ்ட் 28-ல் கிரகப்பிரவேசம், 31-க்குள் காலி செய்ய வேண்டும். லோன் தவணையும் ஆரம்பித்துவிட்டது, வாடகையும் சேர்த்துக் கட்ட முடியாது. திருஷ்டி பட்டுவிடும் என்று மாமியார் சொன்னதால் ஆன்ட்டியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நோட்டீஸை ஒரு மாதமாகக் குறைக்கும்படி எப்படிக் கேட்பது? மீதியை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா?
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் கடிதத்தில் ஜூன் 5 என்ற தேதியும் திருஷ்டி என்ற சொல்லும் இருக்கின்றன. பிரச்சினை முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

பத்திரம் பதிவான அன்று மாலையே கீழே இறங்கிப் போய்ச் சொல்லி, கையில் ஒரு கடிதமும் கொடுத்திருந்தால் உங்கள் 3 மாதம் செப்டம்பர் 5-ல் முடிந்திருக்கும். ஆகஸ்ட் 31-ல் காலி செய்தாலும் கூடுதலாக 5 நாள் வாடகை, ஏறக்குறைய 2,700 ரூபாய். அதைக் கேட்டு வாங்கும் ஓனர்கூட அபூர்வம். இப்போது ஜூலை 22-ல் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 3 மாதம் அக்டோபர் 22 வரை போகிறது. செப்டம்பர் முழுதும் 16,000, அக்டோபரில் 22 நாளுக்கு 11,355, ஆக 27,355 ரூபாய். வித்தியாசம் கிட்டத்தட்ட 25 ஆயிரம். உங்கள் அக்ரிமென்ட்டில் மாதக் கடைசியில்தான் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தால் அக்டோபரும் முழு வாடகைதான்.

இதை மாமியார் தலையில் கட்டாதீர்கள். அவர் பழைய மனுஷி, பயந்தார், சொன்னார். 3 மாதம் என்று எழுதியிருந்த அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டது உங்கள் கணவரோ நீங்களோதான். வங்கிக்குக் கொடுக்க ஒவ்வொரு காகிதமாகத் தேடி எடுத்த வீட்டில், இந்த ஒரு காகிதத்தை மட்டும் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. அதோடு, யாருடைய கண்ணுக்குப் பயந்தீர்கள்? வாடகையை நம்பித் தனியாக இருக்கும் ஒரு பெண்மணியின் கண்ணுக்கு. சொந்த வீட்டுக்குப் போகிறோம் என்று அந்த வீட்டில் 6 வருடம் இருந்த குடும்பம் முதலில் சொல்ல வேண்டியது அவரிடம்தான். பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை கிரகப்பிரவேசப் பத்திரிகையில் இல்லை. நம்மால் அவர்களுக்கு வரப்போகும் சிரமத்தை முன்கூட்டிச் சொல்வதில் இருக்கிறது. இதற்குள் இஸ்திரிக்காரர் மூலமாகவாவது அவர் காதுக்குச் செய்தி போயிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனி செய்ய வேண்டியது. நோட்டீஸை ஒரு மாதமாகக் குறையுங்கள் என்று கேட்காதீர்கள். அந்த வாக்கியத்தில் உங்கள் லாபம் மட்டுமே இருக்கிறது. ஓனர்கள் நோட்டீஸ் காலம் கேட்பது உங்களைக் கட்டிப்போட அல்ல. அடுத்த ஆள் வருவதற்குள் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது, உங்கள் அட்வான்ஸைத் திருப்பித் தர அடுத்தவருடைய அட்வான்ஸ் கைக்கு வர வேண்டும் என்ற இரண்டே காரணத்துக்காக. வாடகையில் குடும்பம் நடத்துகிறவர் உங்கள் ஒரு லட்சத்தை அப்படியே தனியாக எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இது: அடுத்த வாடகைதாரர் வரும் நாளோடு எங்கள் வாடகை நிற்கட்டும், அவரைக் கொண்டுவரும் வேலையில் நாங்களும் பங்கெடுக்கிறோம்.

இதில் மாதக் கணக்கு முக்கியம். இப்போது ஆடி. ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள், ஆனால் ஆவணியில் போக நினைப்பவர்கள் வீடு தேடுவதும் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதும் ஆடியில்தான். ஆவணி செப்டம்பர் 16 வாக்கில் முடிந்துவிடும். அடுத்து புரட்டாசி, அதிலும் குடி போகத் தயங்குகிறவர்கள் ஏராளம். ஆவணியைத் தவறவிட்டால் அந்த மாடி வீடு ஐப்பசி பிறக்கும்வரை, அதாவது அக்டோபர் நடுப்பகுதிவரை, காலியாகவே கிடக்கலாம். நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்த ஜூனும் ஜூலையும் ஆன்ட்டிக்கு எத்தனை பெரிய நஷ்டம் என்று இப்போது புரிகிறதா? அதே சமயம் வழியும் இதிலேயே இருக்கிறது. நீங்கள் ஆகஸ்ட் 31 மாலை சாவியைக் கொடுத்தால், வெள்ளையடிக்க ஒரு வாரம் போனாலும் ஆவணியிலேயே ஒருவரைக் குடிவைக்க அவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்.

இந்த வாரமே நேரில் போங்கள். வாட்ஸ்அப்பில் சொல்லக் கூடாது. வெற்றிலை பாக்கு பழத்தோடு நீங்கள், கணவர், மாமியார் மூவரும் போக வேண்டும். வீடு வாங்கிய செய்தியை மாமியார் வாயால் சொல்லட்டும், அவர்தானே சொல்ல வேண்டாம் என்றவர். தாமதத்துக்கு ஒரு வரி வருத்தம் போதும், திருஷ்டிக் கதையெல்லாம் வேண்டாம். தவணைக் கஷ்டத்தையும் அங்கே அழ வேண்டாம். வீடு வாங்கும்போது இரண்டு மூன்று மாதம் தவணையும் வாடகையும் சேர்ந்து வரும் என்று கணக்கில் ஒதுக்கி வைக்காதது அவர் குற்றமில்லை.

பேசி முடித்ததும் கடிதத்தைக் கொடுங்கள். எழுத வேண்டியது இவ்வளவுதான்: “இன்று 22.7 முதல் காலி செய்வதற்கான நோட்டீஸ் தருகிறோம். ஆகஸ்ட் 31 மாலை வீட்டைச் சாவியோடு ஒப்படைக்கிறோம். செப்டம்பர் மாத வாடகையை அட்வான்ஸில் எடுத்துக்கொள்ளலாம். அந்த மாதத்துக்குள் புதியவர் குடிவந்தால், வந்த நாள் முதல் உள்ள வாடகையை எங்களுக்குத் திருப்பித் தர வேண்டுகிறோம். அக்டோபர் 22 வரையுள்ள நாட்களைத் தள்ளுபடி செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.” இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் அவர் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்திடட்டும். ஒத்துக்கொண்டால் ‘சம்மதம்’ என்றும் எழுதி வாங்குங்கள். அவர் பிள்ளையையோ பெண்ணையோ கேட்டுச் சொல்கிறேன் என்றால் கேட்கட்டும், ஆனால் நோட்டீஸ் தேதி அன்றே ஓடத் தொடங்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் உங்களுக்கு அதிகபட்சச் செலவு 16,000. ஒரு மாதம் தருகிறேன் என்று நீங்களே முன்வரும்போது அடுத்த மாதத்தை விட்டுக்கொடுப்பது அவருக்குச் சுலபம்.

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு மாலை 6 முதல் 8 என்று ஒரு நேரம் ஒதுக்குங்கள். மூட்டை கட்டிய அட்டைப்பெட்டிகள் கூடத்தில் குவிந்து கிடந்தால் வருகிறவர் வீட்டைப் பார்க்க மாட்டார், பெட்டியைத்தான் பார்ப்பார். தண்ணீர் எப்படி, மழைக்குத் தெருவில் எவ்வளவு நிற்கும் என்று உங்களிடம்தான் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள், பொய் சொல்லிக் குடிவைத்தால் திட்டு வாங்குவது ஆன்ட்டி. கணவரின் அலுவலகத்திலோ உங்கள் உறவிலோ வீடு தேடுபவர் இருந்தால் நீங்களே அழைத்துவாருங்கள். புரோக்கர் மூலம் வந்தால் சாதாரணமாக ஒரு மாத வாடகை கமிஷன் போகும், அது மிச்சமாவது எல்லோருக்கும் பிடிக்கும்.

அட்வான்ஸில் கழிப்பதைப் பற்றி. ஆகஸ்ட் வாடகையைக் கழிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள், அதை ஐந்தாம் தேதிக்குள் பணமாகக் கட்டுங்கள். குடியிருக்கும்போதே வாடகையை நிறுத்திவிட்டால் அவருடைய மாதச் செலவு நின்றுபோகும், உங்கள் மேலிருக்கும் நம்பிக்கையும் போய்விடும். செப்டம்பரை மட்டும் கழிக்கலாம். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளலாம் என்று பல அக்ரிமென்ட்டுகளில் இருக்கும், உங்களுடையதைப் படித்துப் பாருங்கள். இருந்தால் இன்னொரு 16,000. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவதால் நீங்கள் போகும் நாளுக்கும் பில் தேதிக்கும் பொருந்தாது. சாவி கொடுக்கும்போது மீட்டரை இருவரும் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு, பில் வரும்வரை 2,000 ரூபாயை அவரிடம் விட்டுவையுங்கள். ஆக ஒரு லட்சத்தில் உங்கள் கைக்கு வருவது 66,000. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, பாக்கிகளைக் கழித்துக்கொண்டு காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அதை நம்பி லாரிக்கும் கிரகப்பிரவேசச் சமையல்காரருக்கும் தேதி சொல்லிவிடாதீர்கள். புதியவரின் அட்வான்ஸ் வந்த பிறகுதான் அது பெரும்பாலும் நடக்கும்.

யாராவது உங்களிடம் வேறொரு யோசனை சொல்வார்கள்: பழைய 11 மாத அக்ரிமென்ட் காலாவதியாகிவிட்டது, சொத்து மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவுப்படி 15 நாள் நோட்டீஸ் போதும் என்று. அந்தப் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோதுதான் வரும். காலாவதியான அக்ரிமென்ட்டின் நிபந்தனைகள் தொடர்கின்றனவா என்பதே வழக்காகும். உங்கள் ஒரு லட்சம் அவரிடம் இருக்கும்போது, 27 ஆயிரத்துக்காக அந்த வழக்கை நீங்கள் ஆரம்பிப்பதில் அர்த்தமே இல்லை. 6 வருடம் சொன்ன சொல்லை நம்பி வீடு கொடுத்தவரிடம் காலாவதி பேசுவதும் எனக்கு உவப்பில்லை.

ஆன்ட்டி சம்மதிக்காவிட்டால் அது அவர் உரிமை. அக்டோபர் 22 வரை வாடகை கொடுங்கள். அதுவரை சாவியும் உங்களிடமே இருக்கும். புது வீட்டில் அலமாரி வேலை முடியவில்லை என்றால் பாதிச் சாமானை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். நடுவில் வெள்ளையடிக்கவோ வேறு ஆளைக் குடிவைக்கவோ சாவி வேண்டும் என்று அவர் கேட்டால், மிச்ச நாட்களின் வாடகையைக் கணக்குத் தீர்த்து எழுதிக்கொண்டு அதன் பிறகு கொடுங்கள்.