யூரியா 17-லிருந்து 38 ஆகிவிட்டதா? நான்கு லேப் தாள்களை ஒரே கணக்கில் கொண்டுவருவது எப்படி

கேள்வி: அப்பாவுக்கு வயது 66, பத்து வருஷமாகச் சர்க்கரை. இந்த வருஷம் நாலு இடத்தில் ரத்தம் பார்த்தோம். ஜனவரியில் பாலக்கோட்டில், ஏப்ரலில் அண்ணன் வீட்டில் இருந்தபோது சிங்கப்பூரில், ஜூலையில் பெங்களூரில், செப்டம்பரில் தருமபுரியில். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் யூரியா 34, 6.1, 17, 38 என்று வருகிறது. இரண்டே மாதத்தில் இரண்டு மடங்கு ஏறிவிட்டதா? எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே அலகுக்கு எப்படி மாற்றுவது? தாள்களின் படங்களை அனுப்பியிருக்கிறேன்.
— வாசகி, பாலக்கோடு

பதில்: ஏறவில்லை, பயப்பட வேண்டாம். நான்கு தாளையும் உட்கார்ந்து பார்த்தேன். அப்பாவின் யூரியா வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறது. நீங்கள் எழுதிய நான்கு எண்களில் இரண்டு ஒரே கணக்கில் உள்ளவை, ஒன்று வேறு அலகு, இன்னொன்று வேறு பொருள். இந்தக் கடைசி ஒன்றுதான் ஆளைக் கவிழ்ப்பது. அதற்கு வருவதற்கு முன்னால், அலகுகள் ஏன் இரண்டு விதமாக இருக்கின்றன என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால் மாற்றுவது சுலபம்.

நம் ஊர் லேப்களில் mg/dL என்று அச்சாகியிருப்பது எடைக் கணக்கு. ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி லிட்டரில் அந்தப் பொருள் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று சொல்கிறது. சிங்கப்பூர் தாளில் உள்ள mmol/L எண்ணிக்கைக் கணக்கு. ஒரு லிட்டரில் அந்தப் பொருளின் மூலக்கூறுகள் எத்தனை என்பதை மில்லிமோல் என்ற பெரிய கட்டுகளாக எண்ணிச் சொல்கிறது. மாம்பழ சீசனில் நம் பக்கத்து மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் காய் என்றால் எத்தனை காய் என்று கேட்டால், எந்த ரகம் என்றுதான் முதலில் கேட்பார்கள். பெங்களூரா காய் பெரிது, அதனால் டன்னுக்குக் குறைவாக நிற்கும். செந்தூரா சிறிது, அதிகமாக நிற்கும். ரத்தத்திலும் அதேதான். குளுக்கோஸ் மூலக்கூறின் எடை 180.16, யூரியாவினுடையது 60.06, கிரியாட்டினின் 113.12, கொலஸ்ட்ரால் 386.65. ஆகவே ஒவ்வொரு பரிசோதனைக்கும் பெருக்கும் எண் தனி. சர்க்கரைக்கு 18 என்று கேள்விப்பட்டு கொலஸ்ட்ராலையும் 18-ஆல் பெருக்கிக் கொண்டுவருபவர்களைப் பார்த்திருக்கிறேன். கொலஸ்ட்ராலுக்கு அது 38.67.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூரில் சர்க்கரை 7.6 மில்லிமோல். ஒரு மில்லிமோல் குளுக்கோஸ் 180.16 மில்லிகிராம் எடை. 7.6 × 180.16 என்றால் லிட்டருக்கு 1369 மில்லிகிராம். லிட்டரில் பத்து டெசிலிட்டர் இருக்கிறது, பத்தால் வகுத்தால் 137. ஜனவரியில் பாலக்கோட்டில் 142, ஜூலையில் பெங்களூரில் 138. மூன்றும் வெறும் வயிற்றில் எடுத்தவை, மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கால்குலேட்டர் 136.92 என்று காட்டினாலும் 137 என்றே எழுதுங்கள். லேப் 7.6 என்று முழுமையாக்கித்தான் கொடுத்திருக்கிறது. உண்மையான அளவு 7.55-லிருந்து 7.65 வரை எதுவாகவும் இருக்கலாம், நம் கணக்கில் அது 136 முதல் 138 வரை. அவர்கள் அளக்காத துல்லியத்தை நாம் சேர்க்கக் கூடாது.

கிரியாட்டினினுக்கு ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. அது ரத்தத்தில் குறைவாக இருப்பதால் மில்லிமோலுக்குப் பதிலாக அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோமோலில் தருவார்கள். உங்கள் சிங்கப்பூர் தாளில் 104 என்று இருக்கிறதே, அதை 88.4-ஆல் வகுத்தால் 1.18. மற்ற தாள்களில் 1.1, 1.2, 1.2. ஆக சிறுநீரகக் கணக்கின் இந்தப் பக்கமும் ஒரே சீராகத்தான் இருக்கிறது.

சரி, இப்போது யூரியா. ஏப்ரலின் 6.1 மில்லிமோல் சுலபம். 6.006-ஆல் பெருக்கினால் 37. ஜூலையின் 17-இல்தான் சிக்கல். அலகு mg/dL என்றே இருக்கிறது, பாலக்கோடு தாளிலும் தருமபுரி தாளிலும் இருக்கும் அதே அலகு. அலகை மட்டும் பார்த்தவர் மாற்ற ஒன்றுமில்லை என்று அப்படியே எழுதிவிடுவார். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தத் தாளின் இடது பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள், பரிசோதனையின் பெயர் BUN என்று இருக்கிறது. யூரியாவில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் சொல்லும் அளவு அது. 60.06 எடையுள்ள யூரியா மூலக்கூறில் நைட்ரஜன் இரண்டு, இரண்டும் சேர்ந்து 28.01. முழு எடையில் பாதிக்கும் குறைவு. அதனால் 17-ஐ 2.144-ஆல் பெருக்கினால்தான் நம் ஊர் லேப் சொல்லும் யூரியா கிடைக்கும். அது 36.

இப்போது வரிசையாக வையுங்கள்: 34, 37, 36, 38. இந்த அளவு ஏற்ற இறக்கம் முந்தின நாள் சாப்பாட்டிலும் குடித்த தண்ணீரிலுமே வந்துவிடும்.

கிருஷ்ணகிரியில் நான் லேபில் இருந்த காலத்தில் இதே குழப்பத்தால் ஒருவர் கஷ்டப்பட்டார். தேன்கனிக்கோட்டை பக்கத்து விவசாயி. ஒரு கிளினிக்கில் அவருடைய பழைய ரிப்போர்ட்டுகளை நோட்டில் சேர்த்து எழுதியவர், நைட்ரஜன் அளவையும் யூரியாவையும் ஒரே பத்தியில் போட்டுவிட்டார். 16, 35 என்று அடுத்தடுத்து இருந்ததைப் பார்த்த மகன், கிட்னி போய்விட்டது என்று நினைத்து அப்பாவுக்குப் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிட்டான். மூன்று வாரம் வெறும் களியும் கீரைச் சாறும். எங்களிடம் மறுபடி ரத்தம் கொடுக்க வந்தபோது மனிதர் இளைத்துப் போயிருந்தார். பழைய தாளை வாங்கிப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதனால்தான் இந்த ஒரு பரிசோதனையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெயர் மங்கலாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? தாளின் வலது ஓரத்தில் உள்ள இயல்பு எல்லையைப் பாருங்கள். 7 முதல் 20 வரை என்பது போல் இருந்தால் நைட்ரஜன் அளவு. 15 முதல் 40 அல்லது 45 வரை என்பது போல் இருந்தால் முழு யூரியா. மற்ற பரிசோதனைகளில் தவறு உடனே கண்ணில் படும். கிரியாட்டினின் 104 மில்லிகிராம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். சர்க்கரை 7.6 மில்லிகிராம் என்றால் அந்த மனிதர் நடந்து வந்து ரத்தம் கொடுத்திருக்கவே முடியாது. யூரியாவில் 17 என்பது இரண்டு விதத்திலும் நடக்கக்கூடிய எண். அதனால் எண்ணைப் பார்த்து ஊகிக்காமல் பெயரையும் எல்லையையும் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இனி அட்டவணைக்கு வருவோம். தருமபுரியில் உங்கள் டாக்டர் பார்த்துப் பழகியது மில்லிகிராம் கணக்கு, அதனால் அதையே பொது அலகாக வையுங்கள். கூகுள் ஷீட்டில் முதல் ஐந்து பத்திகளில் தேதி, லேப், பரிசோதனை, தாளில் உள்ள எண், தாளில் உள்ள அலகு. ஆறாவதில் மாற்றிய எண், ஏழாவதில் அந்த லேப் கொடுத்த இயல்பு எல்லை. தாளில் உள்ள எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் அழித்து மாற்றாதீர்கள். நாளைக்குச் சந்தேகம் வந்தால் திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி. ஆறாவது பத்தியில் இந்தச் சூத்திரத்தைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=SWITCH(C2&"|"&E2,
 "glucose|mg/dL", D2,
 "glucose|mmol/L", D2*18.016,
 "urea|mg/dL", D2,
 "urea|mmol/L", D2*6.006,
 "bun|mg/dL", D2*2.144,
 "creatinine|mg/dL", D2,
 "creatinine|umol/L", D2/88.4,
 "CHECK")
```

பரிசோதனைப் பெயரையும் அலகையும் சேர்த்துப் பார்த்துத்தான் இது பெருக்குகிறது, அதனால் இரண்டையும் சூத்திரத்தில் உள்ளபடியே ஆங்கிலத்தில் எழுதுங்கள். அலகை மட்டும் பார்த்துப் பெருக்கும் அட்டவணை உங்கள் ஜூலை எண்ணைக் கோட்டை விட்டிருக்கும். பட்டியலில் இல்லாத சேர்க்கை வந்தால் CHECK என்று காட்டும். அந்த வரியில் நின்று தாளை மறுபடி பாருங்கள், கையால் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு நகராதீர்கள். இன்னொன்று: மைக்ரோ என்பதற்கான µ குறி கணினியில் இரண்டு வேறு எழுத்துகளாக இருக்கிறது, கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். லேப் அனுப்பிய பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்து ஒட்டினால் சூத்திரம் அதை அடையாளம் காணாமல் போகலாம். அதனால் umol/L என்று சாதாரண u போட்டே தட்டச்சு செய்யுங்கள்.

இந்த முறையில் அடங்காதது எச்பிஏ1சி, அதாவது மூன்று மாத சர்க்கரை. நம் ஊரில் அது சதவீதத்தில் வரும். சில நாடுகளில் mmol/mol என்று வரும். அதை வெறுமனே பெருக்கி மாற்ற முடியாது. 0.0915-ஆல் பெருக்கி 2.15 கூட்ட வேண்டும். 53 என்று இருந்தால் 7.0 சதவீதம். உங்கள் சிங்கப்பூர் தாளில் சதவீதமே இருக்கிறது, தொட வேண்டாம்.

அலகை ஒன்றாக்கிவிட்டால் நான்கு லேபும் ஒரே லேப் ஆகிவிடாது என்பதையும் மனதில் வையுங்கள். கிரியாட்டினினை அளக்க ஜாஃபே என்ற பழைய முறையும் என்சைம் முறையும் இருக்கின்றன. ஒரே ரத்தத்துக்கு இரண்டும் கொஞ்சம் வேறு வேறு எண் தரும். அதனால்தான் ஏழாவது பத்தியில் அந்தந்த லேபின் எல்லையை எழுதச் சொன்னேன். தருமபுரி எல்லையை வைத்துச் சிங்கப்பூர் எண்ணைத் தீர்மானிக்காதீர்கள். சிங்கப்பூர் எல்லையையும் அதே எண்ணால் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால் அதில் உள்ள செல்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும், மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம் குறையும். வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு வெயிலில் பஸ் ஏற்றி அனுப்பிய ரத்தத்தில் இப்படி நடந்திருந்தால் எந்தச் சூத்திரமும் அதைச் சரிசெய்யாது. சர்க்கரைக்கான ரத்தம் ஃபுளோரைடு உள்ள சாம்பல் நிற மூடிக் குழாயில் போகிறதா என்று எடுப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் போகும்போது அட்டவணையோடு நான்கு மூலத் தாள்களையும் எடுத்துப் போங்கள். ஜூலை வரியில் "BUN 17, 2.144-ஆல் பெருக்கியது" என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள், அவர் கேட்பதற்கு முன்பே பதில் இருக்கும். அப்புறம், அடுத்த முறை ரத்தம் கொடுக்கும் இடத்தில் பணம் கட்டும்போதே யூரியாவா, யூரியா நைட்ரஜனா, எதைப் போடுவீர்கள் என்று கேட்டு பில்லின் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள்.