தண்டுத் துளைப்பான் பற்றிய பேச்சு: தெரிவிப்பதா, இணங்க வைப்பதா?

"ஏற்காட்டில் காபி விவசாயிகளிடம் தண்டுத் துளைப்பான் பற்றி 15 நிமிடம் பேச வேண்டும். தகவல் சொல்வதா, இணங்க வைப்பதா, சிரிக்க வைப்பதா?"

வணக்கம். சேர்வராயன் மலை விவசாயிகள் அந்தப் பூச்சியை அறியாதவர்கள் அல்லர். பூச்சி துளைத்த செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும், ஆனால் இன்னும் காய்க்கும் செடியைப் பிடுங்க மனம் வராததுதான் தடை என்பதால், உங்கள் பேச்சு இணங்க வைப்பதாகவே அமைய வேண்டும். பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை 2 நிமிடத்தில் முடித்துவிட்டு, துளைக்கப்பட்ட தண்டொன்றைப் பிளந்து அவர்கள் கையில் கொடுங்கள். "விளைச்சல் போய்விடுமே" என்ற மறுப்பை நீங்களே முதலில் எழுப்பி, வண்டுகள் வெளிவரும் ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர் மாதங்களுக்கு முன் அகற்றி எரிக்காத ஒரு செடியிலிருந்து அவை பக்கத்துச் செடிகளில் முட்டையிடும் என்பதை நிதானமாக விளக்குங்கள். நகைச்சுவை தொடக்கத்தோடு நிற்கட்டும். வேண்டுகோளை ஒட்டி வந்தால் அது சிரிப்பிலேயே கரைந்துவிடும் (நான் பட்டறிந்தது). இறுதியில் விவசாயிகள் "எந்தச் செடியை முதலில் பிடுங்குவது?" என்று கேட்டால் பேச்சு பலித்தது, பூச்சியைப் பற்றி மட்டும் கேட்டால், அது தகவலாகவே நின்றுவிட்டது.