கருநீல சூட்டுக்கும் சாம்பல் பேன்ட்டுக்கும் ஒரே ஜோடி ஷூ

கேள்வி: நேர்காணலுக்காகக் கருநீல சூட் தைத்திருக்கிறேன், தனியாக ஒரு சாம்பல் நிற பேன்ட்டும் இருக்கிறது. ஒரே ஒரு ஜோடி லெதர் ஷூதான் வாங்க முடியும். ஆக்ஸ்போர்டா, டெர்பியா, லோஃபரா? எந்த நிறம்?

பதில்: உங்கள் சாம்பல் நிறம் எவ்வளவு அடர்த்தியானது என்பதைப் பொறுத்தே ஷூவின் நிறம் அமையும். ஷூ, பேன்ட்டை விட அடர்ந்ததாகவோ குறைந்தபட்சம் அதே அளவு அடர்ந்ததாகவோ இருந்தால்தான் கண் காலடியில் போய் நிற்காது. கரி போன்ற அடர் சாம்பலுக்கு இளம்பழுப்பு ஷூ அணிந்தால், கால் மட்டும் வேறொருவருடையது போலத் துண்டாகத் தெரிவது இதனால்தான். பேன்ட் அடர் சாம்பல் என்றால் கறுப்பு ஷூவை வாங்குங்கள். கருநீல சூட்டுக்கும் அது பொருந்தும். நடுத்தரச் சாம்பலோ வெளிர் சாம்பலோ என்றால், டிகாஷன் நிறத்தில் உள்ள அடர்பழுப்பையே நான் தேர்ந்தெடுப்பேன். கறுப்பு அளவுக்கு விறைப்பாக இல்லாமல், கருநீலத்தின் நீலத்தை அது எடுத்துக் காட்டும். ஆனால் வங்கி, சட்டம் போன்ற கெடுபிடியான துறைகளில் நேர்காணல் என்றால் கறுப்பே பாதுகாப்பானது.

கடையின் மஞ்சள் விளக்கில் கருநீலமே கறுப்பாகத் தெரியும் என்பதால், பேன்ட்டைக் கையோடு கொண்டுபோய், வாசல் வெளிச்சத்தில் அதன் கீழ்விளிம்பை ஷூவின் மேல் வைத்துப் பாருங்கள்.

வடிவத்தில், லோஃபரை இந்தத் தேவைக்கு விட்டுவிடலாம். கயிறு இல்லாத அது தனி பேன்ட்டுக்கு அழகுதான் என்றாலும், நேர்காணல் சூட்டோடு சேரும்போது சற்று அலட்சியமாகத் தோன்றக்கூடும். ஆக்ஸ்போர்டில் கயிற்றுத் துளைகள் உள்ள இரு மடல்களும் முன்பாகத்துக்கு அடியில் வைத்துத் தைக்கப்பட்டிருப்பதால், கயிற்றை இறுக்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒட்டி நின்று, ஷூ ஒரே வழவழப்பான கோடாகத் தெரியும். டெர்பியில் அந்த மடல்கள் முன்பாகத்தின் மேல் தைக்கப்பட்டுத் தனித்தனியே விரியும். சூட்டுக்கு ஆக்ஸ்போர்டே முதல் தேர்வு, உங்கள் கால் அதற்கு இடம் கொடுத்தால்.

இந்த நிபந்தனையைக் கடையில் பலரும் கவனிப்பதில்லை. புறங்கால் மேடு உயர்ந்திருப்பவர்கள் ஆக்ஸ்போர்டு அணிந்தால் மடல்கள் சேராமல் மேற்பக்கம் அகன்று, ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் பிளந்து நிற்கும். கயிறு அழுத்துவதால் புறங்காலும் வலிக்கும். கயிற்றைக் கட்டி எழுந்து நின்று பாருங்கள்: ஒரு சென்டிமீட்டருக்குள் இடைவெளி இருந்தால் சரி, விரல் நுழையும் அளவுக்கு விரிந்தால் அந்த ஷூ உங்கள் காலுக்கு ஆகாது. அடுத்த அளவு பெரியதைக் கேட்காதீர்கள், ஏனெனில் நீளம் கூடிக் குதிகால் கழன்றுகொண்டே இருக்கும். அதற்குப் பதில், வேலைப்பாடோ துளை அலங்காரமோ இல்லாத, மெல்லிய அடிப்பாகமுள்ள டெர்பியை எடுங்கள். பேன்ட் விளிம்பு மடல்களைப் பாதி மறைத்துவிடுவதால், நின்றிருக்கும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

பெல்ட்டை ஷூவின் நிறத்திலும், சாக்ஸைப் பேன்ட்டின் நிறத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள்.