பயாலஜிக் ஊசிக்கு முன் பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. ஆஸ்துமா. இன்ஹேலர் ஒழுங்காகப் போட்டும் வீசிங் அடங்கவில்லை. ஐஜிஇ அதிகமாக இருப்பதால் ஒமாலிசுமாப் என்ற பயாலஜிக் ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். எந்த ஊசி என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

ஐஜிஇ என்பது ஒவ்வாமை இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். அது அதிகம் என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த எண்ணையும் உடல் எடையையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒமாலிசுமாப் எவ்வளவு போட வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறையா நான்கு வாரத்துக்கு ஒரு முறையா என்று ஒரு அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடுகிறார்கள். அந்த அட்டவணைக்கு உள்ளே வராதவர்களுக்கு அந்த ஊசி இல்லை. மற்றபடி, ஊசி கேட்குமா கேட்காதா என்பதை ஐஜிஇயின் அளவு சொல்லாது.

நான் டாக்டர் இல்லை. "நெட்டில் படித்துவிட்டு வைத்தியம் சொல்ல வந்துவிட்டார்" என்று கீழே எழுத வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதையெல்லாம் என் அக்காவின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது நுரையீரல் நிபுணர்கள் உட்காரவைத்துச் சொன்னார்கள். இது சிகிச்சைக்கு மாற்று இல்லை. உங்கள் டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

அக்காவுக்குச் சின்ன வயதில் இளைப்பே கிடையாது. முப்பது வயதுக்கு மேல்தான் ஆரம்பித்தது. அதற்குக் கொஞ்சம் முன்பே மூக்கில் சதை வளர்ந்து வாசனை போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தால்கூடத் தெரியாது, பக்கத்து அறையிலிருந்து யாராவது ஓடிவந்து சொல்ல வேண்டும். அதிக டோஸ் இன்ஹேலர், கூடவே மூச்சுக்குழாயை விரிக்கும் டயோட்ரோபியம், எல்லாம் போட்டும் சில மாதங்களுக்கு ஒரு முறை ஸ்டீராய்டு மாத்திரையில் போய் நிற்கும். அப்போது பார்த்த டாக்டர் ஐஜிஇ 400க்கு மேல் இருக்கிறது, தூசி அலர்ஜி டெஸ்டும் பாசிட்டிவ் என்று உங்கள் அம்மாவுக்குச் சொன்ன அதே ஊசியைச் சொன்னார். ஒவ்வாமையில் கூடும் ஒரு வகை வெள்ளணுவான ஈசினோபில் எவ்வளவு என்று கேட்டோம். 110தான், அது நார்மல் என்றார்.

இரண்டாவது கருத்துக்குப் போன இடத்தில் இருந்த பெண் டாக்டர் முதலில் கேட்டது, "இந்த ரத்தம் எடுத்தப்போ பிரெட்னிசோலோன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களா?" ஆமாம், சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்த ஸ்டீராய்டு மாத்திரை ஈசினோபிலை மளமளவென்று இறக்கிவிடும். அதே நேரத்தில் மொத்த வெள்ளணுவை ஏற்றிவிடும். ரிப்போர்ட்டில் வெள்ளணு 11,000, ஈசினோபில் 1 சதவீதம் என்று இருந்ததே அதற்குச் சாட்சி என்றார். பிறகு பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டார். எங்கள் அம்மா எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு பீரோவில் வைத்திருந்தார். அதில் ஒன்று, மாத்திரை எதுவும் இல்லாத காலத்தில் எடுத்தது: வெள்ளணு 9,800, ஈசினோபில் 14 சதவீதம். பல லேப்களில் சதவீதம் மட்டும்தான் அச்சாகும், நாம்தான் அதை மொத்த வெள்ளணுவோடு பெருக்க வேண்டும். பெருக்கினால் 1,372. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் தாண்டியபின் மறுபடி எடுத்தபோது 600க்கு மேல் வந்தது. பொதுவாக இப்போது 150 அல்லது போன ஒரு வருடத்துக்குள் 300 இருந்தாலே ஈசினோபிலைக் குறிவைக்கும் ஊசிகளைப் பற்றி யோசிக்கிறார்கள். அப்படியிருக்க, 110 என்ற ஒரே எண்ணில் அந்தக் கதவே மூடப்பட இருந்தது.

எண் தெரிந்ததும் ஊசி போட்டுவிடவில்லை. நம் ஊரில் ஈசினோபிலும் ஐஜிஇயும் ஏறுவதற்கு வயிற்றுப் பூச்சியே போதும். அதனால் மலப் பரிசோதனை. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு ஒவ்வாமை இருந்தாலும் அடங்காத ஆஸ்துமா மாதிரியே தெரியும், ஐஜிஇயும் எகிறும், ஆனால் அதற்கு வைத்தியம் வேறு. அதனால் அந்தப் பூஞ்சைக்கான தனி ஐஜிஇயும் நெஞ்சு சிடி ஸ்கேனும். ஈசினோபில் ஆயிரத்தைத் தாண்டியிருந்ததால் ரத்தக்குழாய் அழற்சி ஏதும் இருக்குமோ என்று ஆன்கா டெஸ்ட் எழுதினார், கை கால் மரத்துப்போகிறதா என்றும் கேட்டார். இன்ஹேலரை எடுத்து எதிரிலேயே போட்டுக்காட்டச் சொன்னார். இவை எதிலும் குறை இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஊசிப் பேச்சு.

கடைசியாக ஃபீனோ டெஸ்ட். ஒரு குழாயில் சீராக ஊதுவதுதான், வலி கிடையாது. மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்சைடை அளக்கும். 25க்கு மேல் இருந்தால் டுபிலுமாப் என்ற ஊசி கேட்க வாய்ப்பு கூடுதல். அக்காவுக்கு 41. மூக்குச் சதைக்கும் அது நல்ல ஊசி. ஆனால் சிலருக்கு அது தொடக்கத்தில் ரத்தத்தில் ஈசினோபிலை ஏற்றிவிடும். ஏற்கெனவே 1,372 தொட்டவருக்கு அதைக் கொடுக்க அந்த டாக்டர் விரும்பவில்லை. எனவே மெபோலிசுமாப், 100 மில்லிகிராம், நான்கு வாரத்துக்கு ஒரு முறை, தோலுக்கு அடியில். ஈசினோபிலைத் தூண்டிவிடும் ஐஎல்-5 என்ற சமிக்ஞையை அது தடுக்கிறது. பென்ராலிசுமாப் என்றொன்றும் இருக்கிறது, முதல் மூன்றுக்குப் பிறகு எட்டு வாரத்துக்கு ஒன்று போதும்.

அப்படியானால் ஒமாலிசுமாப் யாருக்கு? சின்ன வயதிலேயே தொடங்கி, தூசி, பூனை என்று எதிர்ப்பட்டவுடன் இழுப்பு வருபவர்களுக்கு அது அருமையாகக் கேட்கிறது என்கிறார்கள். அதனால் உங்கள் டாக்டர் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு எந்த வயதில் தொடங்கியது, மூக்கில் சதை உண்டா, ஆஸ்பிரின் போட்டால் இளைக்கிறதா என்பவற்றைக் கேட்டுவிட்டுச் சொன்னாரா என்று பாருங்கள். ஒமாலிசுமாபில் அரிதாகக் கடும் ஒவ்வாமை வரும் என்பதால் முதல் சில ஊசிகளுக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலேயே காத்திருக்கச் சொல்வார்கள், அவசரப்பட்டுக் கிளம்பிவிட வேண்டாம்.

எந்த ஊசியானாலும் குறைந்தது நான்கு மாதம் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறதா என்று சொல்ல முடியும். இன்ஹேலரை விடக் கூடாது. தொடர்ந்து ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசால் தூங்கிப்போயிருக்கும், காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்து மெல்ல மெல்லக் குறைப்பார்கள். அக்காவுக்கு ஸ்டீராய்டு இல்லாமல் ஒரு மழைக்காலம் கடந்தது. வாசனை அரைகுறையாகத்தான் திரும்பியது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள் இந்த ஊசிக்குப் பணம் தர மறுத்தார்கள். காரணம், ஆஸ்பத்திரியில் படுக்கவில்லையாம். மூச்சு முட்டி வார்டில் படுத்தால் முழுப் பணமும் தருவார்கள், படுக்காமல் தடுக்கிற மருந்துக்குத் தர மாட்டார்கள். வருடா வருடம் பிரீமியம் கட்டுகிற குடும்பத்துக்கு இது என்ன நியாயம்? ஊசியைத் தொடங்கும் முன்னாலேயே உங்கள் பாலிசியில் இதற்கு இடம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொல்வதை நம்ப வேண்டாம்.