“எங்க போறியள்?” – “உதில போட்டு வாறன்”

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். ஆறு மாதங்களாக மல்லாவியில் வேலை செய்கிறேன். காலையில் சைக்கிளில் புறப்பட்டால் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து பேராவது “எங்க போறியள்?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொல்லிக் களைத்துவிட்டேன். சொல்லாமல் போனால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. “உதில எண்டு சொல்லு பிள்ளை” என்கிறார் நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மா. கிளிநொச்சிக்குப் போகிற நாளில் அப்படிச் சொன்னால் அது பொய் ஆகாதா?

ஒரு வாசகி, மல்லாவி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அம்மா உங்களுக்குச் சரியான சொல்லையே தந்திருக்கிறார். அது பொய் ஆகாது என்பதை அந்தச் சொல்லைக் கொண்டே காட்டலாம்.

தமிழுக்குச் சுட்டெழுத்துகள் அ, இ, உ என மூன்று என்று தொல்காப்பியம் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் ‘அது’, ‘இது’ ஆகியவை நின்றுவிட, ‘உது’ பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஈழத்துப் பேச்சில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. இங்கே ஒருவர் ‘உது’ என்று சொன்னால், கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதையோ, இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையோ குறிக்கிறார் என்று பொருள். ஆகவே ‘உதில போட்டு வாறன்’ என்பது இத்தனை மைல் தூரம் போகிறேன் என்று அளந்து சொல்லும் கூற்று அல்ல. ‘உங்களுக்கும் பழக்கமான இந்த உலகத்துக்குள்ளேதான் போகிறேன், திரும்பி வருவேன்’ என்பதே அதன் உள்ளடக்கம். பின்பாதியான ‘போட்டு வாறன்’, அதாவது ‘போய்விட்டு வருகிறேன்’ என்பது, இந்தப் பதிலில் முன்பாதியைவிட முக்கியமானது. வெறுமனே ‘போறன்’ என்று சொல்லிப் புறப்படுவதை நம் வீடுகளில் எவரும் விரும்புவதில்லை அல்லவா? கிளிநொச்சிக்குப் போகிறவரும் மாலையில் திரும்பி வருகிறவர்தான். எனவே அந்தச் சொல் அவருக்கும் பொருந்தும்.

இனி, கேட்பவர் என்ன கேட்கிறார் என்பதைப் பார்ப்போம். வன்னிக் கிராமங்களில் ‘வணக்கம்’ என்பது மேடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் உரிய சொல். தினமும் ஒழுங்கையில் காணும் ஒருவருக்கு அதைச் சொன்னால், அவரை அந்நியராக்கித் தள்ளி நிறுத்தியது போல ஆகிவிடும். எதுவும் பேசாமல் கடந்தால் கோபமோ என்று எண்ண வைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் சொல்லத்தக்கது, கண்முன்னே நடப்பதைக் கேள்வியாக்கிச் சொல்வதுதான். போகிறவரிடம் ‘எங்க போறியள்?’ என்றும், வருகிறவரிடம் ‘எங்கால வாறியள்?’ என்றும் கேட்கிறார்கள். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923இல் எழுதிய ஒரு கட்டுரையில், தகவலுக்காக அல்லாமல் உறவைப் பேணுவதற்காகப் பேசப்படும் பேச்சைத் தனியே பிரித்துக் காட்டினார். மெலனீசிய மக்களின் ‘எங்கிருந்து வருகிறாய்?’ என்ற கேள்வியை, ஆங்கிலேயர் வானிலையைப் பற்றிச் சொல்லும் வாசகத்துக்கு அருகில் வைத்து அவர் எடுத்துக்காட்டினார். இரண்டு மனிதர்கள் எதிரெதிரே பேசாமல் நிற்கும்போது எழும் இறுக்கத்தைத் தளர்த்துவதே இரண்டுக்கும் வேலை என்றார். நம்முடைய ‘எங்க போறியள்?’ என்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இந்தக் கேள்வி பல வேளைகளில் தன் பதிலையும் சேர்த்துக்கொண்டே வரும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ‘வேலைக்கோ?’, ‘கடைக்கோ?’, ‘சந்திக்கோ?’ என்று அந்த ‘ஓ’ ஒலியில் முடித்துக் கேட்பார்கள். அதற்கு ‘ஓம்’ என்ற ஒரு சொல்லும் ஒரு தலையசைப்பும் போதும். சைக்கிளை நிறுத்த வேண்டியதில்லை. நீண்ட பயணத்துக்குப் புறப்படுகிறவரிடம் ‘எங்கே’ என்று நேரே கேட்பது சகுனத் தடை என்று நம்புகிற பெரியவர்கள் ‘தூரமோ?’ என்று கேட்பார்கள். அதற்கும் ‘ஓம், கொஞ்சம் தூரம்’ என்பதே முழுமையான பதில். ஊரின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் காலைப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். வேலியோரம் கூட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு அக்கா நிமிர்ந்து ‘வேலைக்கோ தங்கச்சி?’ என்கிறார். ‘ஓம் அக்கா’ என்று சொல்லிவிட்டு மிதியுங்கள். எதிரே மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வரும் ஐயா ‘எங்க போறியள்?’ என்கிறார். ‘உதில போட்டு வாறன் ஐயா, நீங்கள்?’ என்றால் போதும். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அவரைக் கடந்திருப்பீர்கள், அவரும் அதைத்தான் எதிர்பார்ப்பார். மூன்றாவதாக, கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, ‘பிள்ளை, கிளிநொச்சிக்கோ?’ என்று இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். இது முகமன் அல்ல, இதில் ஒரு தேவை இருக்கிறது. பஸ் எப்போதாவது ஓடும் ஊர்களில், நகரத்துக்குப் போகிறவர் கையில் ஒரு மருந்துத் துண்டையோ, பழுதான பம்பின் ஒரு பாகத்தையோ கொடுத்துவிடுவது வழக்கம். நின்று, ‘ஓம் ஐயா, ஏதும் வேணுமோ?’ என்று கேளுங்கள். கேட்கிறவர் தன் வேலையை நிறுத்தினால், சைக்கிளிலிருந்து காலை ஊன்றினால், ஓர் இடத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால், அது உண்மையான கேள்வி. நடந்துகொண்டே, முகத்தை முழுதாகத் திருப்பாமலே கேட்டால் அது முகமன்.

தவறான பதில்கள் எவை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘ஏன் கேக்கிறியள்?’ என்று திருப்பிக் கேட்பது, நீட்டிய கையைத் தட்டிவிடுவதற்குச் சமம். கையில் பையோடு ‘ஒரு இடமும் இல்லை’ என்று சொன்னால், எதையோ மறைப்பதாகப்படும். நாள் முழுவதையும் விவரித்தால், கேட்டவர் மரியாதைக்காக நின்று கேட்டாக வேண்டும். அவருடைய மாடுகள் அதற்குள் பயிருக்குள் இறங்கிவிடும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறவரைப் பற்றிச் சிங்களத்தில் ‘கொஹெத யன்னே, மல்லே பொல்’ என்பார்கள், அதாவது ‘எங்கே போகிறாய்? பையில் தேங்காய்’ என்று. கொழும்பில் நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

வன்னியில் இதே சொற்கள் வேறொரு குரலிலும் கேட்கப்பட்டன என்பதைச் சொல்லாமல் விட முடியாது. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் ‘எங்கே போகிறாய்?’ என்ற கேள்விக்கு இடம், காரணம், பார்க்கப்போகும் ஆள், திரும்பும் நாள் எல்லாவற்றையும் அடையாள அட்டையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சாவடியில் பழக்கதோஷத்தில் ‘உதில’ என்று சொன்ன நான், அரைமணி நேரத்துக்கு மேல் வெயிலில் நிறுத்தப்பட்டேன். இன்றும் நான் அறிந்த சில முதியவர்கள், அறியாத ஒருவர் கேட்டால் முழு விவரத்தையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்கிறார்கள். அவர்களிடம் நீங்கள் கேட்பதாக இருந்தால், ‘கடைக்கோ அம்மா?’ என்று பதிலையும் சேர்த்தே கேளுங்கள். அவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கும்.

முகமனாக வரும் கேள்வி ‘எங்கே’ என்பதோடு நின்றுவிடும். ‘யாரோட?’, ‘எத்தினை மணிக்கு வருவியள்?’, ‘ஏன் தனிய?’ என்று அது நீளாது. பழக்கமில்லாத ஒருவர் அப்படி நீட்டினால், அவருக்கு ‘உதில’ என்றுகூடச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை; பேசாமல் போய், வீட்டு அம்மாவிடம் அதைச் சொல்லிவையுங்கள்.

மாலையில் அதே கடைக்காரர் ‘எங்கால வாறியள்?’ என்று கேட்பார். ‘உங்கால தான் ஐயா’ என்று, நீங்கள் வந்த திசையைச் சற்றே காட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.