பேன்ட் இடுப்பைப் பின் நடுத் தையலில் பிடிப்பது

“ரெடிமேட் பேன்ட் இடுப்பில் ஒன்றரை அங்குலம் லூசாக இருக்கிறது, பாக்கெட், பெல்ட் லூப் கலையாமல் பிடிக்க முடியுமா?”

இடுப்புப் பட்டியிலும் பின் நடுவில் தையல் இருக்கும் ஃபார்மல் பேன்ட்டாக இருந்தால் முடியும். நடு லூப்பை மட்டும் கழற்றி, அங்கே பட்டியின் உள்மடிப்பையும், கவட்டு வளைவு தொடங்கும் இடம் வரை பின் தையலையும் பிரியுங்கள். மேலே பக்கத்துக்கு முக்கால் அங்குலம் உள்ளே தள்ளிச் சாக்கட்டியால் தொடங்கும் கோடு, கீழே பழைய தையலோடு சிறிது சிறிதாகச் சேர வேண்டும். சட்டென்று முடித்தால் அந்த இடத்தில் துணி கூம்பாகப் புடைத்து நிற்கும். உட்காரும்போது அதிகம் இழுபடும் தையல் இதுவே என்பதால் இருமுறை தைத்து, உள்ளே மிஞ்சும் துணியை வெட்டாமல் விரித்து இஸ்திரி போட்டு, பட்டியை மூடிய பின் லூப்பைத் தையலின் மேல் வைத்துத் தையுங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் பிடித்தால் பின் பாக்கெட்டுகள் நெருங்கி வந்து, பக்கத் தையல்கள் பின்னோக்கி இழுபடும்.