பயண அரட்டையில் யார் வருகிறார்கள் என்று எப்படிப் படிப்பது?

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து காரைக்குடிப் பக்கம் இரண்டு நாள் போகலாம் என்று வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே இருக்கிறோம். எல்லோரும் சரி என்பது போலத்தான் இருக்கிறது. வீட்டுக்கு முன்பணம் கட்டும் முன், உண்மையில் யார் வருவார்கள், செலவை யார் எப்படி நினைத்திருக்கிறார்கள் என்பதை அந்த அரட்டையிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்:

பெரும்பாலும் முடியும். ஆனால் அரட்டையை மேலிருந்து கீழாக ஒரு கதைபோல வாசித்தால் உற்சாகம்தான் கண்ணில் படும். ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளி, அந்த ஒருவர் எழுதியவற்றை மட்டும் தேதி வரிசையில் படித்துப் பாருங்கள். வந்தே ஆகவேண்டும் என்று நினைக்கும் மனிதர், வருவதற்குத் தடையாக இருக்கும் ஒன்றைப் பற்றி எங்காவது கேட்டிருப்பார், அல்லது அதை நீக்க ஏதாவது செய்திருப்பார். வெறுமனே ஆசைப்படுகிறவரின் வரிகளில் தடையே இருக்காது.

நான் காரைக்குடிக்காரன். கல்லூரி நண்பர்கள் வருகிறார்கள், எத்தனை அறை சொல்வது என்று கேட்டு என் தம்பி ஒருமுறை தன் கைப்பேசியையே என்னிடம் கொடுத்துவிட்டான். அதிலும் தம்பியோடு சேர்த்து எட்டுப் பேர்தான். சென்னையில் இருவர், கோவை, மதுரை, திருச்சி, சேலம், பெங்களூர் ஆகிய ஊர்களில் ஒவ்வொருவர். கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் வெள்ளி, சனி இரண்டு இரவு தங்கி, ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை என்று வேனில் சுற்றுவது திட்டம்.

சென்னை நண்பர்கள் இருவரில் ஒருவர்தான் அந்தக் குழுவிலேயே அதிகம் பேசியவர். ஆத்தங்குடிக் கல் பதித்த கூடங்களின் படங்களையும் பர்மா தேக்குத் தூண்களின் படங்களையும் நாள்தோறும் அனுப்பியவர் அவர்தான். "வெள்ளிக்கிழமை பல்லவன்ல ஏறிடலாம்டா" என்று எழுதியவரும் அவரே. பல்லவன் எழும்பூரிலிருந்து பிற்பகலில் புறப்பட்டு இரவில் காரைக்குடிக்கு வந்து சேரும் வண்டி. அதைப் பிடிக்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை அரை நாளாவது விடுப்பு எடுத்தாக வேண்டும். திரும்பும் வண்டியோ காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் கிளம்புகிறது. ஞாயிறு முழுவதும் ஊர் சுற்றிவிட்டு அதில் போனால் திங்கள் நண்பகல்தான் சென்னை. இந்த இரண்டையும் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. மற்றவர் வங்கியில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். மொத்த அரட்டையிலும் அவர் பங்காகச் சில வரிகள்தான் இருந்தன. அவற்றில் ஒன்று, "வெள்ளி அரை நாள் லீவு சொல்லிட்டேன்". இன்னொன்று, "திங்க காலைல பிராஞ்ச் திறக்கணும், ஞாயிறு ராத்திரி ராமேஸ்வரம் வண்டில இடம் இருக்கா?" இராமேசுவரத்திலிருந்து சென்னை போகும் இரவு வண்டி காரைக்குடி வழியாக வருகிறது என்பதைத் தேடித் தெரிந்துகொண்டு கேட்டிருக்கிறார். முதல் ஆளை 'வரக்கூடும்' என்ற பட்டியலிலும், இரண்டாம் ஆளை 'வருகிறார்' என்ற பட்டியலிலும் தயங்காமல் எழுதிக்கொண்டேன்.

ரயிலை வைத்தே இன்னொரு சோதனையும் உண்டு. முன்பதிவு செய்யப் பெயரும் வயதும் வேண்டும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் சேர்க்க முடியாது. பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. ஆகவே "பேர், வயசு அனுப்புங்க" என்று ஒருவர் கேட்டிருந்தால், அதற்கு வந்த பதில்கள் அத்தனை கட்டைவிரல் குறிகளையும்விடக் கனமானவை. கட்டைவிரலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தேதி, வீட்டின் படம், செலவு மூன்றும் ஒரே செய்தியில் இருந்து அதன்மேல் கட்டைவிரல் விழுந்தால், அது எதற்கான சம்மதம் என்று எப்படிச் சொல்வது? வாட்ஸ்அப் வாக்கெடுப்பு சற்று மேல், ஏனென்றால் யார் எந்தத் தேதிக்கு வாக்களித்தார் என்று பெயரோடு தெரியும். ஆனால் வாக்கைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பதையும், வாக்கெடுப்புக்குப் பிறகு பேச்சுவாக்கில் தேதியே ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. தம்பியின் குழுவில் அப்படித்தான் தள்ளிப்போயிருந்தது. பழைய தேதிக்குச் சரி என்றவர்களில் பாதிப் பேர் புதிய தேதிக்கு வாயே திறக்கவில்லை.

"வீட்ல கேட்டு சொல்றேன்" என்பதைப் பலரும் நழுவல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என் கருத்து அதுவன்று. திருச்சி நண்பர் அப்படித்தான் எழுதினார். ஆனால் "வியாழக்கிழமைக்குள்ள" என்றும் சேர்த்திருந்தார், அந்த வியாழனன்றே, யாரும் நினைவூட்டாமல், வருவதாகத் தெரிவித்தார். தவணை சொல்லி, அந்தத் தவணையில் தானாகத் திரும்பி வருகிறவரை நம்பலாம்.

இனிச் செலவு. அதைத் தேடும்போது தொகையைச் சொன்ன முதல் செய்தியைக் கண்டுபிடியுங்கள், ஏனென்றால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டுதான் பேசியிருப்பார்கள். இங்கே பெங்களூர் நண்பர் தொடக்கத்திலேயே "தலைக்கு ஆறாயிரம்தான் ஆகும்" என்று போட்டிருந்தார். எப்படி வந்தது என்று எழுதவில்லை. நான் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 4,500 ரூபாய். நான்கு அறை, இரண்டு இரவு என்றால் 36,000. வேன் இரண்டு நாளுக்கு ஓட்டுநர் பேட்டாவோடு 12,000. கூட்டி எட்டால் வகுத்தால் 6,000 வருகிறது. அதாவது எட்டுப் பேரும் வருவார்கள், எட்டுப் பேரும் அந்த வீட்டில் தூங்குவார்கள், சாப்பாடு தனி என்ற மூன்று அனுமானங்கள் அந்த ஒற்றைத் தொகைக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன.

மூன்றுமே அரட்டையில் ஏற்கெனவே உடைந்திருந்தன. "எனக்கு ரூம் எதுக்கு, வீடு இங்கதானே இருக்கு" என்று என் தம்பி நடுவில் எழுதியிருந்தான். யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. மதுரை நண்பர் "சனி காலைல நேரா வந்துடறேன்" என்றார். தனக்கு ஓர் இரவுக்குத்தான் பணம் என்று அவர் நினைத்திருப்பார், ஆனால் வெள்ளி இரவு அவருடைய பாதி அறை காலியாக இருந்தாலும் அதற்கும் வாடகை உண்டு. கோவை நண்பரோ, தன் பெயர் விவரத்தை அனுப்பிய கையோடு, "சாப்பாடு எல்லாம் சேர்த்துத்தானே?" என்று கேட்டிருந்தார். அதற்கு அடுத்த செய்தி ஒரு தூணின் படம். பதில் வராத கேள்வியை, கேட்டவர் தமக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்வார். இங்குள்ள பழைய வீடுகளில் இலை போட்டுச் சாப்பிட வேண்டுமானால் எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கும். அது தலைக்கு இவ்வளவு என்று தனிக் கணக்கு. இந்த மாதிரிப் பதிலில்லாத கேள்விகளை மட்டும் தனியே எழுதி வையுங்கள். ஊர் திரும்பியபின் வரும் மனத்தாங்கல் பெரும்பாலும் அவற்றிலிருந்துதான் கிளம்புகிறது.

செயலை வைத்துப் பார்த்தபோது உறுதியாகத் தேறியவர்கள் ஐந்து பேர்: தம்பி, வங்கி நண்பர், திருச்சி, கோவை, மதுரை. தம்பியை விட்டால் தூங்குகிறவர்கள் நான்கு பேர், இரண்டு அறை போதும். அறை வாடகை 18,000, ஆளுக்கு 4,500. வேன் மட்டும் ஐவருக்குப் பங்காகி 2,400. ஆக, 6,900. இப்போது, உறுதி சொல்லாத பெங்களூர் நண்பரும் வந்தால் செலவு குறையும் என்றுதானே தோன்றும்? வேன் பங்கு 2,000 ஆகக் குறைகிறது. ஆனால் அறையில் தூங்கும் ஐந்தாவது ஆளுக்காக மூன்றாவது அறை எடுத்தால் வாடகை 27,000 ஆகி, ஆளுக்கு 5,400 விழுகிறது. மொத்தம் 7,400. ஒருவர் கூடியதால் அறையில் தங்கும் ஒவ்வொருவருக்கும் 500 ரூபாய் ஏறுகிறது. அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஒற்றைப்படையாக வரும் ஆள்தான் விலையை ஏற்றுகிறவர். ஆகவே "நீங்க புக் பண்ணுங்க, நான் ரெடி" என்று அவர் எழுதியிருந்த வரியை நான் கொஞ்சம் எரிச்சலோடுதான் படித்தேன். அந்த வரியில் வேலையும் முன்பணத்தின் ஆபத்தும் மற்றவர் தலையில் ஏறுகின்றன, தான் பின்வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதில் இடமே இல்லை. வீட்டுக்காரரிடம் பேசி, வேண்டுமானால் ஓர் அறையில் கூடுதல் கட்டில் போடச் சம்மதம் வாங்கி வைத்தேன்.

அதன்பின் தம்பியை ஒரே செய்தி அனுப்பச் சொன்னேன். படமோ சிரிப்புக் குறியோ இல்லாமல், ஏறத்தாழ இப்படி: "வெள்ளி, சனி இரண்டு இரவு. அறையில் தங்குகிறவர்களுக்கு அறையும் வேனும் சேர்த்து இப்போதைக்கு 6,900. சாப்பாடும் ரயிலும் அவரவர் செலவு. சனிக்கிழமை வந்தாலும் இரண்டு இரவுக் கணக்குத்தான். புதன் இரவுக்குள் 3,000 அனுப்புகிறவர்களுக்கு மட்டும் இடம் சொல்கிறேன். பிறகு வர முடியாவிட்டால் அந்தத் தொகை திரும்ப வராது." மதுரை நண்பர் முணுமுணுத்தார், ஆனால் அனுப்பினார். பெங்களூர் நண்பர் புதன் இரவு கடைசி நேரத்தில் அனுப்பினார். படம் அனுப்பிய சென்னை நண்பர், "அடுத்த தடவை கண்டிப்பா" என்றார்.

சேலம் நண்பரைப் பற்றி மட்டும் இந்தச் செய்தியை அனுப்பும் முன்பே தம்பியிடம் தனியாகச் சொன்னேன். தொடக்கத்தில் அவர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். எந்த வண்டி, எங்கே இறங்குவது என்றெல்லாம் கேட்டிருந்தார். ஆறாயிரம் என்ற செய்தி வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தைகூட இல்லை. தம்பி அனுப்பியவற்றை அழுத்திப் பிடித்துப் பார்த்தால், அவற்றை அவர் படித்திருப்பது அதில் தெரிந்தது. ஆரம்பத்திலிருந்தே மௌனமாக இருப்பவர் வேறு, தொகையைக் கண்டபின் மௌனமாகிறவர் வேறு. இரண்டாமவரைக் குழுவில் பெயர் சொல்லி அழைத்து "என்னப்பா, வர்றியா இல்லையா" என்று கேட்பது அவரைச் சங்கடத்தில் தள்ளும். தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். அந்த மாதம் கை முட்டாக இருக்கிறது என்றார். சேலத்திலிருந்து பேருந்தில் வந்து, தம்பியோடு எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ள ஏற்பாடாயிற்று. அவருக்கு வேன் பங்கு மட்டும்தான்.